குழுப் படத்தில் ஒருவரின் ஆடையை மட்டும் மாற்றும்போது வரும் பிழைகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தனி ஆள் படத்தில் ஏஐ கொண்டு ஆடை மாற்றுவது இன்று எளிது. ஐந்து பேர் தோளோடு தோள் உரசி நிற்கும் படத்தில் அதே வேலையைச் செய்தால்தான் சிக்கல் தொடங்குகிறது. பக்கத்தவரின் சட்டை ஓரம் கரைகிறது, தோளில் இருந்த கைக்கு ஆறாவது விரல் முளைக்கிறது, மூலையில் நிற்பவரின் முகம்கூட யாரோ போல ஆகிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு என்பதால் தீர்வும் வேறு. என்ன தெரிகிறது என்று பார்த்து, அங்கிருந்து காரணத்துக்குப் போவோம்.

விளக்கத்துக்கு ஒரே படத்தை எடுத்துக்கொள்வோம். அளவு 4000×3000 பிக்சல். நடுவில் நிற்பவர் நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை அணிந்திருக்கிறார். அவர் சம்மதத்தோடு அதைக் கரும்பச்சை முழுக்கைக் கோட்டாக மாற்ற வேண்டும். பார்க்கும் நமக்கு இடப்பக்கம் நிற்பவர் அரை அடி முன்னால் நிற்கிறார். அவருடைய வெளிர்மஞ்சள் சட்டைக் கை, நடுவில் இருப்பவரின் உடம்பில் கொஞ்சத்தை மறைக்கிறது. வலப்பக்கம் நிற்பவர் சற்றுப் பின்னால் நின்று, நடுவில் இருப்பவரின் தோளில் கை போட்டிருக்கிறார். அவர் ஆடை சிவப்பு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், மேலே ஒரு கை. குழுப் படத்தின் தொல்லைகள் அனைத்தும் இதில் இருக்கின்றன.

வரையும் கருவிக்கு Stable Diffusion WebUI-யின் `Inpaint` பக்கத்தையும், ஒட்டுவதற்கு GIMP-ஐயும் கொள்கிறோம். வேறு கருவி என்றால் பொத்தான்களின் பெயர் மாறும். காரணங்கள் பெரும்பாலும் இவையேதான்.

இரண்டு மாஸ்க்

கீழே வரும் தீர்வுகளில் பாதி இந்த ஒரு பழக்கத்தைச் சார்ந்தவை. எங்கே புதிதாக வரையலாம் என்று கருவிக்குக் காட்ட, வரையும் இடம் வெள்ளையாகவும் மற்றது கறுப்பாகவும் இருக்கும் ஒரு மாஸ்க் கொடுக்கிறோம். பெரும்பாலோர் அதோடு நிறுத்திவிட்டு, கருவி தரும் படத்தையே முடிந்த படமாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவதாக ஒரு மாஸ்க் வேண்டும். கருவி வரைந்ததில் எந்தப் பிக்சல்களை மூலப் படத்தின் மேல் ஒட்டலாம் என்று அது தீர்மானிக்கும். முதலாவதை வரையும் மாஸ்க் என்றும், இரண்டாவதை ஒட்டும் மாஸ்க் என்றும் அழைப்போம்.

வரையும் மாஸ்க் தாராளமாக இருக்கலாம். பக்கத்தவரின் மேல் 30, 40 பிக்சல் ஏறினாலும் குற்றமில்லை. ஒட்டும் மாஸ்க் பிக்சல் கணக்காக இறுக்கமாக இருக்க வேண்டும். வரைவதற்கு இடம் தாராளமாகக் கிடைத்தால்தான் துணி இயல்பாக மடியும். ஒட்டுவது கறாராக இருந்தால்தான் பக்கத்தவர் தப்புவார். இந்த இரண்டையும் ஒரே மாஸ்க்கில் அடக்கப் பார்ப்பதால்தான் `Mask blur`-ஐ ஏற்றி இறக்கிப் பல மணி நேரம் வீணாகிறது.

எங்கே தவறு என்று முதலில் கண்டுபிடிப்பது

GIMP-இல் மூலப் படத்தைத் திறந்து, கருவி தந்த படத்தை `File > Open as Layers` வழியாக அதன் மேல் வையுங்கள். மேல் லேயரின் முறையை `Difference` என்று மாற்றுங்கள். மாறாத இடம் முழுக்கக் கறுப்பாகத் தெரியும். மாறிய இடம் ஒளிரும். நாம் மாற்றிய கோட்டு ஒளிர்வது இயல்பு. அதற்கு வெளியே என்ன தெரிகிறது என்பதுதான் கேள்வி.

படம் முழுவதும் மெல்லிய புகை போலப் புள்ளிகள் தெரிந்தால், முழுப் படமும் கருவிக்குள் போய் மறுபடி எழுதப்பட்டிருக்கிறது, அல்லது நடுவில் JPEG ஆகச் சேமித்திருக்கிறீர்கள். எல்லோருடைய உருவ ஓரமும் மெல்லிய கோடாக ஒளிர்ந்தால், படம் ஒரு பிக்சல் அளவுக்கு நகர்ந்திருக்கிறது. கோட்டைச் சுற்றி மட்டும் ஒரு பட்டை ஒளிர்ந்தால், மாஸ்க் ஓரத்தில் பிரச்சினை. முகங்களில் கண், வாய்க் கோடுகள் பளிச்சென்று தெரிந்தால், கருவி அந்த முகங்களையே புதிதாக வரைந்துவிட்டது. மங்கலாக இருந்தால், `New from Visible` கொண்டு தெரிவதைப் புதிய லேயராக எடுத்து, அதன் மேல் `Colors > Levels` போட்டு வெளிச்சத்தை ஏற்றிப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத படத்தில்கூட இந்தச் சோதனை உண்மையைக் காட்டிவிடும்.

அறிகுறி: தொடவே செய்யாதவர்களின் முகம் மாறிவிட்டது

இது மிக மோசமான பிழை, ஆனால் சரிசெய்ய மிக எளியது. இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதல் காரணம், "நடுவில் இருப்பவருக்குப் பச்சைக் கோட்டுப் போடு" என்று எழுத்தில் மட்டும் சொல்லி மாற்றும் கருவியைப் பயன்படுத்தியது. அத்தகைய கருவிகளில் பல, படம் முழுவதையும் புதிதாக வரைந்து தருகின்றன. "மற்றவர்களைத் தொடாதே" என்று எழுதினால் மாற்றம் குறையலாம். முகங்கள் பிக்சல் பிசகாமல் இருக்கும் என்று நம்ப முடியாது.

இரண்டாவது காரணம் நுட்பமானது. Stable Diffusion வகைக் கருவி படத்தை நேரடியாகக் கையாள்வதில்லை. 8×8 பிக்சல் கட்டம் ஒவ்வொன்றையும் ஒரே அறையாகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தில் வரைந்து, பிறகு விரித்துத் தருகிறது. சுருக்கி விரிக்கும்போது நுண்விவரம் போய்விடும். நம் படத்தில் ஒரு முகம் 300 பிக்சல் உயரம் என்று வையுங்கள். 4000 பிக்சல் அகலப் படத்தை 1024-க்குக் குறைத்துக் கொடுத்தால், அந்த முகம் 77 பிக்சல் ஆகிறது. 8-ஆல் வகுத்தால் பத்து அறைகூடத் தேறாது. இரண்டு கண், மூக்கு, வாய், சிரிப்பு எல்லாம் பத்து அறை உயரத்துக்குள் அடங்க வேண்டும். முகம் குழைந்துபோவதில் வியப்பில்லை. ComfyUI என்ற இன்னொரு வரையும் கருவியில், சுருக்கத்தை விரிக்கும் `VAE Decode` தருவதை அப்படியே சேமிப்பவர்களுக்கு, மாஸ்க் சரியாக இருந்தும் முகங்கள் லேசாக மெழுகு பூசியது போல ஆவது இதனால்தான். அங்கே `ImageCompositeMasked` கொண்டு மூலத்தின் மேல் ஒட்டிய பிறகே சேமிக்க வேண்டும்.

WebUI-யில் `Inpaint area` என்பதை `Only masked` ஆக வையுங்கள். அப்போது கருவி மாஸ்க் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, வரைந்து, பழைய அளவுக்கே கொண்டுவந்து மூலப் படத்தில் பொருத்தும். படமும் 4000 பிக்சலாகவே இருக்கும். `Whole picture` என்றிருந்தால் படம் முழுவதும் நீங்கள் கொடுத்த சிறிய அளவுக்குச் சுருங்கிவிடும்.

எழுத்தில் கேட்கும் கருவியை விட மனமில்லை என்றால், அது தரும் கோட்டு மட்டும் நன்றாக இருந்தால் போதும். அதை ஒட்டும் மாஸ்க் வழியாக மூலப் படத்தில் வையுங்கள். ஆனால் அது படத்தை நகர்த்தியோ வெட்டியோ தந்திருந்தால், முதலில் அளவையும் இடத்தையும் பொருத்தியாக வேண்டும்.

அறிகுறி: மாஸ்க்குக்குள் குட்டி மனிதர் முளைக்கிறார், அல்லது கோட்டின் அளவு உடம்புக்குப் பொருந்தவில்லை

மேலே சொன்ன `Only masked`-இன் பக்கவிளைவு இது. `Only masked padding, pixels` இயல்பாக 32-இல் இருக்கும். அதாவது மாஸ்க்கைச் சுற்றி 32 பிக்சல் மட்டுமே கருவியின் கண்ணுக்குத் தெரிகிறது. நம் படத்தில் அது தாடையைக்கூடத் தாண்டாது. தலை தெரியாததால், இந்த உடம்பு எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று கருவிக்குத் தெரியாது. ப்ராம்ப்ட்டில் "ஐந்து பேர் நிற்கும் குழு" என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம்: கோட்டு இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஐந்து பேரையும் வரையப் பார்க்கும்.

ப்ராம்ப்ட்டில் மாஸ்க்குக்குள் வர வேண்டியதை மட்டும் எழுதுங்கள்: ஒரே ஆள், கரும்பச்சைக் கம்பளிக் கோட்டு, முழுக்கை, பொத்தான் போட்டது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. குழு என்ற பேச்சே வேண்டாம்.

தலையும் இடுப்பும் கருவிக்குத் தெரிய, மேலே சொன்ன padding என்ற பக்க இடத்தை ஏற்றலாம். ஆனால் நான்கு பக்கமும் சமமாக ஏறுவதால் பக்கத்தவர்களும் நிறைய உள்ளே வந்துவிடுவார்கள். அதைவிட நல்ல உத்தி ஒன்று உண்டு. வரையும் மாஸ்க்கில், தலைக்குச் சற்று மேலே வெறும் பின்னணியில், 10 பிக்சல் அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி வையுங்கள். கருவி வெட்டும் பெட்டி அந்தப் புள்ளியையும் சேர்த்து நீளும். தலை முழுவதும் உள்ளே வந்துவிடும். புள்ளி விழுந்த இடமும் புதிதாக வரையப்படும் என்பது உண்மைதான். ஒட்டும் மாஸ்க்கில் அந்தப் புள்ளி இல்லாததால் அது முடிவுப் படத்துக்கு வராது.

கணக்கைப் பார்ப்போம். உடம்பு மாஸ்க் 900×1200. தலைக்கு மேல் புள்ளி வைத்ததும் பெட்டி சுமார் 900×1600. பக்க இடம் 100 என்றால் 1100×1800. வரையும் அளவை 832×1216 என்று கொடுத்தால், அந்த விகிதத்துக்கு ஏற்ப அகலம் சற்றுக் கூடிப் பெட்டி சுமார் 1230×1800 ஆகும். அதாவது வரைந்த கோட்டு, திரும்பிப் பொருந்தும்போது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிதாக்கப்படும். இது தாங்கக்கூடிய அளவு. இரண்டு மடங்கைத் தாண்டினால் துணி மங்கலாகத் தெரியத் தொடங்கும்.

அறிகுறி: பழைய ஆடை புதிய ஆடைக்குள் எட்டிப்பார்க்கிறது

நீலக் கட்டங்கள் கோட்டில் நிழலாகத் தெரிந்தால், பழையதிலிருந்து எவ்வளவு விலகி வரையலாம் என்று சொல்லும் `Denoising strength` போதவில்லை. `Masked content` என்பது `original` ஆக இருக்கும்போது, கருவி பழைய சட்டையின் மேலேயே வரைகிறது. வேறு வகை ஆடைக்கு 0.8-க்கு மேல் போக வேண்டும். அப்படியும் கட்டம் விடவில்லை என்றால் `latent noise` தேர்ந்து, வலிமையை 1-க்கு அருகில் வையுங்கள். குறைவாக வைத்தால் வண்ணக் குப்பை மிஞ்சும். கட்டம், கோடு போன்ற வலுவான வடிவங்களை முதலில் GIMP-இல் ஒரே நிறத்தால் தோராயமாகப் பூசிவிட்டு `original` முறையிலேயே 0.75 அளவில் வரைய விடுவது இன்னும் நல்லது. கரும்பச்சையைப் பூசினால் நிறமும் நாம் கேட்டதுபோலவே அமையும்.

அரைக்கை முழுக்கை ஆகும்போது முழங்கைக்குக் கீழே உள்ள வெறும் கையும் வரையும் மாஸ்க்குக்குள் வர வேண்டும். பழைய சட்டையை மட்டும் மூடினால் கருவி மறுபடியும் அரைக்கையைத்தான் வரையும், நீங்கள் என்ன எழுதினாலும். பழைய ஆடை இருந்த இடம், புதிய ஆடை இருக்கப்போகும் இடம், இரண்டையும் சேர்த்து மூடுங்கள். மணிக்கட்டில் நிறுத்திவிட்டு விரல்களை வெளியே விடுங்கள்.

ஆடை வகை மாற வேண்டாம், நிறம் மட்டும் மாறினால் போதும் என்றால் இந்தக் கருவிகளே தேவையில்லை. ஒட்டும் மாஸ்க்கோடு ஒரு நிற லேயரை `HSL Color` முறையில் வைத்தால் மடிப்பு, நிழல், பொத்தான் எல்லாம் அப்படியே இருக்கும். வெள்ளையிலிருந்து கருமைக்கோ கருமையிலிருந்து வெள்ளைக்கோ மட்டும் இது சரிவராது. அங்கே வெளிச்சமும் மாற வேண்டியிருக்கிறது.

அறிகுறி: பக்கத்தவரின் ஆடை ஓரம் கரைந்தது, கடித்தது போல ஆனது, அல்லது வண்ணக் கோடு ஒட்டியிருக்கிறது

இங்கேதான் அதிக நேரம் செலவாகும், செலவழிக்கவும் வேண்டும். இருவர் ஒட்டி நிற்கும் ஒவ்வோர் ஓரத்திலும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்த ஓரம் யாருடையது? முன்னால் நிற்பவருடையது. அவர் பக்கத்தவரா, நாம் மாற்றும் ஆளா என்பதைப் பொறுத்து வேலை முற்றிலும் மாறுகிறது.

இடப்பக்கத்தவர் முன்னால் நிற்கிறார். எனவே அங்குள்ள ஓரம் அவருடைய வெளிர்மஞ்சள் கையின் ஓரம். அது மூலப் படத்தில் ஏற்கெனவே சரியாக இருக்கிறது. நாம் அதைக் காத்தால் போதும். வரையும் மாஸ்க்கை அவர் கைமேல் 30 பிக்சல் ஏற்றுங்கள். கருவி கோட்டை அவர் கைமேலும் வரைந்துவிடும், வரையட்டும். ஒட்டும் மாஸ்க்கில், `Paths` கருவியால் மூலப் படத்தைப் பார்த்தே அந்தக் கை ஓரத்தை வரைந்து வெட்டுங்கள். தேர்வை `Select > Feather` கொண்டு 1 பிக்சல் மட்டும் மென்மையாக்குங்கள். கோட்டு அவர் கைக்குப் பின்னால் இயல்பாகச் சென்று மறையும்.

வெட்டிய பிறகும் கை ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு தெரியும். அது கருவியின் தவறு இல்லை. கேமரா படம் பிடிக்கும்போதே, ஓரத்துப் பிக்சல்களில் வெளிர்மஞ்சளும் பழைய நீலமும் கலந்து பதிந்துவிட்டன. ஒட்டும் மாஸ்க்கை அவர் பக்கம் ஒரே ஒரு பிக்சல் நகர்த்துங்கள். பக்கத்தவரைத் தொடக் கூடாது என்ற விதியை இது மீறுவதாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பிக்சல் இருவருக்கும் பொதுவானது, அதில் பாதி பழைய சட்டை. அதற்கும் அடங்காத நீலம் இருந்தால், மேலே புதிய லேயர் போட்டு `HSL Color` முறையில் வைத்து, சட்டைக் கையின் நிறத்தையே தொட்டு எடுத்து 3 பிக்சல் தூரிகையால் அந்த நீலத்தின் மேல் மட்டும் தடவுங்கள். நிறம் மட்டும் மாறும், துணியின் இழை மாறாது.

வலப்பக்கம் நிலைமை தலைகீழ். அங்கே நடுவில் இருப்பவரே முன்னால். ஓரம் புதிய கோட்டினுடையது. மூலத்தில் அது இல்லவே இல்லை. எனவே வரையும் மாஸ்க்கை வலப்பக்கத்தவரின் சிவப்பு ஆடைமேல் 40 பிக்சல் ஏற்றி, கோட்டின் ஓரத்தைக் கருவி தானே முடிவுசெய்ய விடுங்கள். ஒட்டும் மாஸ்க்கை இம்முறை கருவி தந்த படத்தைப் பார்த்து, கோட்டின் ஓரத்துக்கு ஒன்றிரண்டு பிக்சல் வெளியே வரையுங்கள்.

புதிய கோட்டு பழைய சட்டையைவிட அகலமாக இருந்தால் இத்தோடு முடிந்தது. ஒடுக்கமாக இருந்தால்தான் தொல்லை. பழைய சட்டை மறைத்திருந்த சிவப்பு ஆடை இப்போது வெளியே தெரிய வேண்டும். அந்தப் பகுதி கேமராவில் பதியவே இல்லை. அதை யாராவது கற்பனையாகத்தான் வரைய வேண்டும், அதாவது பக்கத்தவரின் ஆடையைத் தொட வேண்டும். இதற்கு முழுமையான தீர்வு கிடையாது. அதனால்தான் ஆடையைத் தேர்ந்தெடுக்கும்போதே பழையதைவிடத் தளர்வான ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். தவிர்க்க முடியாமல் 10, 15 பிக்சல் இடைவெளி வந்தால், கருவி வரைந்த சிவப்பை நம்பாமல், பக்கத்தில் உள்ள உண்மையான சிவப்புத் துணியை `Clone` கருவியால் எடுத்து அந்தப் பட்டையை நிரப்புங்கள். மடிப்பு ஓடும் திசையைத் தொடர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது.

அறிகுறி: தோளில் இருந்த கை கெட்டுவிட்டது, அல்லது மிதக்கிறது

விரல் கூடினாலும் குறைந்தாலும் காரணம் ஒன்றே: கை மாஸ்க்குக்குள் அகப்பட்டிருக்கிறது. விரல்களுக்கு இடையே தெரியும் சட்டையை மாற்றுவதற்காகக் கை முழுவதையும் மூடிவிடுவோம். கருவி விரல்களையும் புதிதாக வரையும். வரையும் மாஸ்க்கிலிருந்தே கையை வெட்டி எடுத்துவிடுங்கள். இங்கே மட்டும் தாராளம் வேண்டாம். கை அங்கே இருப்பது கருவிக்குத் தெரிந்தால்தான் கோட்டுத் தோள் அதன் அடியில் சரியாக அமரும். விரல் இடுக்குகள் 8 பிக்சலுக்கும் ஒடுக்கமாக இருந்தால் கருவியால் அங்கே சுத்தமாக வரைய முடியாது. அந்த இடுக்குகளைப் பக்கத்துக் கோட்டு நிறத்தால் கையாலேயே பூசுவது விரைவு.

விரல்கள் சரியாக இருந்தும் கை தோளில் ஒட்டாமல் மிதப்பதுபோலத் தெரிந்தால், தொடு நிழல் போய்விட்டது என்று பொருள். விரல்களின் அடியில், பழைய சட்டையின் மேல் 5 முதல் 10 பிக்சல் அகலத்தில் ஓர் இருண்ட கோடு இருந்தது. அது சட்டையோடு சேர்ந்து அழிந்துவிட்டது; கருவி அதை மறுபடி வரையும் என்று உறுதியில்லை. கோட்டுக்கு மேலே `Multiply` முறையில் ஒரு லேயர் போட்டு, கோட்டு நிறத்திலேயே இருண்ட சாயலை எடுத்து, 25 சதவீத அடர்த்தியில் மென்மையான தூரிகையால் விரல்களின் நிழல் விழும் பக்கம் மட்டும் தடவுங்கள். எந்தப் பக்கம் என்பது மூலப் படத்திலேயே தெரியும். இடப்பக்கத்தவரின் கை கோட்டின் மேல் விழுத்தும் நிழலுக்கும் இதே வழி. அங்கே பட்டை இன்னும் அகலமாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும். இந்த நிழலை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும், பார்ப்பவர் "என்னவோ ஒட்டினாற்போல் இருக்கிறது" என்பார்.

அறிகுறி: கோட்டு மட்டும் வழவழவென்று தனியாகத் தெரிகிறது

கேமராப் படத்தில் பொடிப்புள்ளி இருக்கும், குறிப்பாக அறைக்குள் எடுத்ததில். கருவி வரைந்த துணியில் அது இருக்காது. 100 சதவீத அளவில் கோட்டையும் பக்கத்தவரின் ஆடையில் நிழலான பகுதியையும் அருகருகே பாருங்கள். `Filters > Noise > RGB Noise` கொண்டு கோட்டு லேயரில் மட்டும் மிகச் சிறிய அளவில் தொடங்கி, இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்வரை ஏற்றுங்கள். ஒன்றரை மடங்கு பெரிதானதால் வந்த மங்கலையும் இது ஓரளவு மறைக்கும். ஓரத்தில் நிற்பவர்கள் குவியத்துக்கு வெளியே இருந்து, மாற்றிய ஆளும் அவர்களில் ஒருவராக இருந்தால், கோட்டைக் கூராக்காமல் அதே அளவு மங்கலாக்குவதுதான் சரி.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் எல்லோருடைய ஓரமும் `Difference`-இல் ஒளிர்கிறது

அகல உயரங்கள் 8-இன் மடங்காக இல்லாவிட்டால் சில கருவிகள் ஓரத்தை வெட்டும் அல்லது லேசாக இழுக்கும். நம் 4000×3000 படம் பிரச்சினை தராது. 4000×2997 என்று வெட்டிய படம் தரும். தொடங்கும் முன்பே 8-இன் மடங்காக வெட்டிக்கொள்ளுங்கள். மாஸ்க் பக்கவாட்டில் திரும்பி விழுந்தால், ஃபோன் படத்தில் இருக்கும் திசைக் குறிப்பே காரணம். ஒரு நிரல் அந்தக் குறிப்பைப் படித்துப் படத்தைத் திருப்புகிறது, இன்னொன்று படிப்பதில்லை. படத்தை GIMP-இல் திறந்து, திருப்பக் கேட்டால் திருப்பி, PNG ஆகச் சேமித்து, அதையே மூலமாக வைத்துக்கொண்டால் இது வராது.

வேலை முடியும்வரை PNG-யிலேயே இருங்கள். ஒவ்வொரு முறை JPEG ஆகச் சேமிக்கும்போதும் படம் முழுவதும் 8×8 கட்டங்களாக மறுபடி சுருக்கப்படுகிறது, பக்கத்தவரின் முகமும் சேர்த்து.

ஒட்டுவதும் சோதிப்பதும்

நிழல், ஓரத் திருத்தம் எதுவும் தேவைப்படாத படத்தில், ImageMagick என்ற கட்டளை வரி நிரலைக் கொண்டு ஒரே வரியில் ஒட்டிவிடலாம். மூன்று படங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும். மாஸ்க்கில் வெள்ளையாக உள்ள இடத்தில் புதியது வரும், கறுப்பான இடத்தில் மூலம் நிற்கும்.

```
magick original.png edited.png paste_mask.png -composite final.png
```

GIMP-இல் ஒட்டியிருந்தாலும், முடிவுப் படத்தைக் கீழ்க்கண்டவாறு சோதியுங்கள். ஒரு பிக்சல் இம்மியளவு மாறியிருந்தாலும் அது வெள்ளையாகத் தெரியும்.

```
magick original.png final.png -compose difference -composite -threshold 0 diff.png
```

`diff.png`-இல் கோட்டின் உருவம் மட்டும் வெள்ளையாக நிற்க வேண்டும். நடுவில் ஆங்காங்கே கறுப்புப் புள்ளி இருந்தால் கவலையில்லை. புதிய நிறமும் பழைய நிறமும் தற்செயலாக ஒத்துப்போன இடங்கள் அவை. இடப்பக்கத்தவரின் கை ஓரத்தில் ஒரு பிக்சல் கோடும், வலப்பக்கம் சிவப்புத் துணியை நிரப்பிய பட்டையும் தெரியும். அவை நாம் தெரிந்தே செய்தவை. விரல்களின் உட்புறத்திலோ, யாருடைய முகத்திலோ, தலைக்கு மேல் வைத்த அந்தப் புள்ளியின் இடத்திலோ வெள்ளை தெரிந்தால் ஒட்டும் மாஸ்க்கில் ஓட்டை இருக்கிறது. மாஸ்க்கைத் திறந்து அந்த இடத்தைக் கறுப்பால் பூசி, மறுபடி ஒட்டுங்கள். கருவியிடம் திரும்பப் போக வேண்டியதில்லை; வரைந்த கோட்டு அப்படியே கையில் இருக்கிறது.